ஒற்றை நட்சத்திர மதிப்புரைக்குப் பதில் எழுதும் முறை: பவானி ஜமக்காளக் கடை ஒன்றை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

ஈரோட்டிலும் பவானியிலும் சென்னிமலையிலும் துணிக்கடை வைத்திருப்பவர்களுக்கு இப்போது இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று தெருவில் இருக்கிறது. மற்றொன்று கூகுள் மேப்ஸில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர் பெரும்பாலும் இரண்டாவது வாசலில் நின்று மதிப்புரைகளைப் படித்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்புகிறார். அங்கே நியாயமற்ற ஒரு மதிப்புரை வந்துவிட்டால், அதைப் பார்த்த மணி நேரத்திலிருந்து அடுத்த சில வாரங்கள் வரை என்னென்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். கடையும் வாடிக்கையாளரும் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை. கூகுளின் விதிகளும் ஜமக்காளத்தின் தன்மையும் உள்ளபடியே சொல்லப்படுகின்றன.

பவானி கூடுதுறைக்குப் போகும் வழியில் ஒரு ஜமக்காளக் கடை இருப்பதாகக் கொள்வோம். ஆடிப்பெருக்கு முடிந்த அடுத்த வாரத்தில் அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரத்துடன் இப்படி ஒரு மதிப்புரை வருகிறது:

"கைத்தறி என்று சொல்லி மில் ஜமக்காளத்தை விற்கிறார்கள். முதல் சலவையிலேயே சாயம் போய் வெள்ளை வேட்டியெல்லாம் சிவப்பாகிவிட்டது. போன் செய்தால் மரியாதையில்லாமல் பேசிப் பாதியில் வைத்துவிட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள். யாரும் இந்தக் கடைக்குப் போகாதீர்கள்."

முதலில் இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்

இதைப் படிக்கும் கடைக்காரருக்கு வயிறு எரியும். மூன்று தலைமுறையாகக் கைத்தறியை மட்டுமே விற்றவரை மில் துணி விற்பவர் என்று ஊரறியச் சொன்னால் எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில் எழுதும் பதிலே பெரும்பாலான கடைகளுக்கு மதிப்புரையைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. ஆகவே எழுதுவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கடைக்கு ஏற்கெனவே 60 மதிப்புரைகள் இருந்து, சராசரி 4.6 என்றால், மொத்த நட்சத்திரங்கள் 276. புதிய ஒற்றை நட்சத்திரத்தைச் சேர்த்தால் 61 பேரிடமிருந்து 277. சராசரி 4.54 ஆகிறது, திரையில் 4.5 என்று தெரியும். இதற்குப் பிறகு இரண்டே இரண்டு ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் வந்தால் சராசரி 4.55ஐத் தாண்டி மீண்டும் 4.6 என்று தெரியும். எண்ணில் ஏற்பட்ட இழப்பு அவ்வளவுதான்.

எண் சீக்கிரம் சரியாகிவிடும். எழுத்து அப்படியே நிற்கும். மதிப்புரைகளைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து வரிசைப்படுத்திப் படிக்கும் வசதி இருப்பதால், கவனமாக வாங்குபவர் இந்த ஒற்றை நட்சத்திரத்தைத் தேடி வந்து படிப்பார். அதன் கீழே கடை என்ன சொல்லியிருக்கிறது என்றும் பார்ப்பார். நீங்கள் எழுதப்போகும் பதில் அந்த மனிதருக்காக எழுதப்படுவது. திட்டியவரை வாதத்தில் வெல்வதற்காக எழுதினால் அவரும் திரும்ப மாட்டார், படிப்பவரும் உங்கள் பக்கம் வரமாட்டார்.

எனவே அன்றைய தினமே பதில் எழுத வேண்டியதில்லை. அதே நேரத்தில் வாரக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. ஒன்றிரண்டு நாட்களுக்குள் பதில் வந்தால் போதும், ஏனெனில் அந்த இடைவெளியில்தான் அடுத்த இரண்டு வேலைகளும் நடக்க வேண்டும்.

மதிப்புரையைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, மதிப்புரையில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் தனி வரியாக எழுதுங்கள். நமது எடுத்துக்காட்டில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன: மில் ஜமக்காளம் என்பது ஒன்று, சாயம் போனது என்பது இரண்டு, போனில் மரியாதைக் குறைவு என்பது மூன்று. 'ஏமாற்றுக்காரர்கள்', 'யாரும் போகாதீர்கள்' என்பவை கூற்றுகள் அல்ல, அவை தீர்ப்புகள். தீர்ப்புக்குப் பதில் எழுதவே கூடாது. கூற்றுகளுக்கு மட்டும்தான் பதில் உண்டு. கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'ஏமாற்றுக்காரர்' என்ற சொல் குத்துவதால் அதற்கு ஐந்து வரி எழுதிவிட்டு, சாயம் போனதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். படிப்பவருக்கோ சாயம் போகுமா என்பதுதான் தெரிய வேண்டியிருக்கிறது.

பிரித்த பிறகு ஒவ்வொரு கூற்றையும் பொய் என்று முடிவு கட்டாமல் சோதித்துப் பாருங்கள். நியாயமற்ற மதிப்புரை என்று நாம் சொல்பவற்றில் முழுப் பொய் அரிது. ஒரு பங்கு உண்மை, ஒரு பங்கு தவறான புரிதல், ஒரு பங்கு கோபம் என்று கலந்துதான் வருகின்றன. அந்த உண்மைப் பங்கைக் கண்டுபிடிக்காமல் எழுதப்படும் எந்தப் பதிலும் நம்பிக்கை தராது.

சாயத்தை எடுத்துக்கொள்வோம். ஜமக்காளம் தடித்த பருத்தி நூலில் அழுத்தமான நிறப் பட்டைகளோடு நெய்யப்படுவது. அடர் சிவப்பு, பச்சை, ஊதா போன்ற நிறங்களில், நூலோடு ஒட்டாமல் மேலே தங்கிய சாயம் முதல் அலசலில் வெளியேறுவது உண்டு. அதை வெந்நீரில், சோப்புத்தூளில், வெள்ளைத் துணிகளோடு சேர்த்து ஊறவைத்தால் அவற்றில் நிறம் ஏறத்தான் செய்யும். ஆனால் இந்த விளக்கத்தை உடனே எழுதிவிடாதீர்கள். சாயம் சரியாகப் பிடிக்காத நூலும் சந்தையில் இருக்கிறது. உங்கள் சரக்கு எந்த வகை என்பதை நீங்கள்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் விற்ற அதே கட்டிலிருந்து மீதமிருக்கும் ஒன்றை எடுத்து, ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்புப் பட்டையை அழுத்தித் தேயுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்தி, மறுபடியும் தேயுங்கள். இரண்டாவது மூன்றாவது அலசலில் துணி வெள்ளையாகவே இருந்தால் அது மிகைச்சாயம், சொல்லி விற்க வேண்டிய விஷயம். அதற்குப் பிறகும் நிறம் வந்துகொண்டே இருந்தால் சரக்கிலேயே குறை. அந்தக் கட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, நூல் கொடுத்தவரிடமோ நெசவாளர் சங்கத்திடமோ பேச வேண்டும். இந்த இரண்டு முடிவுகளுக்கும் எழுத வேண்டிய பதில்கள் முற்றிலும் வேறானவை.

போன் அழைப்பு அடுத்தது. கல்லாவில் அன்று யார் இருந்தார் என்று கேளுங்கள். கேட்கும் தொனி முக்கியம். திட்டு விழும் என்று பயந்தால் பையன் உண்மையைச் சொல்ல மாட்டான். நமது எடுத்துக்காட்டில், கூட்டம் நெரியும் நேரத்தில் வந்த அழைப்பை அவன் எடுத்து, "அப்புறமா கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான் என்று தெரியவருகிறது. அவனுக்கு அது அவசரம். வேட்டி சாயமேறிய வருத்தத்தில் அழைத்தவருக்கு அது அவமதிப்பு. இரண்டுமே உண்மைதான்.

மில் ஜமக்காளம் என்பது மட்டும் பொய் என்று இப்போது உறுதியாகத் தெரிகிறது. அதையும் சான்றோடு சொல்ல வேண்டும், சத்தியம் செய்வதால் யாரும் நம்பமாட்டார்கள். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஜமக்காளம், 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பட்டியலிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் விசைத்தறிப் போலிகள் விற்கப்படுவதால் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. உங்கள் சரக்கில் கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல் பில் இருக்கிறதா, தறிக்கூடத்தை நேரில் காட்ட முடியுமா என்று பாருங்கள். இவற்றுள் எது உங்களிடம் இருக்கிறதோ அதை மட்டும் பதிலில் சொல்லுங்கள்.

வாடிக்கையாளரைக் கண்டறிந்து முதலில் தனியாகப் பேசுங்கள்

கூகுளில் பெயர் புனைபெயராகவும் இருக்கலாம். மதிப்புரையில் வரும் நாள், பொருள், நிறம் ஆகியவற்றைப் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பில்லுக்காக அவரே கொடுத்த எண் உங்களிடம் இருந்தால் அழைக்கலாம். இல்லாவிட்டால் ஃபேஸ்புக்கில் முகத்தைத் தேடி, உறவுக்காரர் வழியாக எண் வாங்கி அழைப்பது கூடாது. நம் பக்கத்தில் யாரையும் இரண்டு பேர் தள்ளி விசாரித்துவிட முடியும் என்பதால் இந்த ஆசை எளிதில் வரும். தேடிப் பிடித்து அழைத்தால், நீங்கள் எவ்வளவு பணிவாகப் பேசினாலும், அவருக்கு அது மிரட்டலாகவே கேட்கும்.

அழைக்க வேண்டியவர் கடை உரிமையாளர். மதிப்புரை என்ற சொல்லை எடுக்காமல் பொருளைப் பற்றியே பேச்சைத் தொடங்க வேண்டும்.

"வணக்கமுங்கம்மா, பவானி ஜமக்காளக் கடையிலிருந்து பேசறேனுங்க. நீங்க வாங்கிட்டுப் போன சிவப்புப் பட்டை ஜமக்காளம் சாயம் போச்சுன்னு தெரிஞ்சுதுங்க. எத்தனை வேட்டிங்கம்மா ஆச்சு?"

"மூணுங்க தம்பி. அதுல ஒண்ணு பையன் கிரகப்பிரவேசத்துக்கு எடுத்த புதுசு. அதக்கூடப் பொறுத்துக்குவேன். போன் பண்ணுனா அந்தப் பையன் பேச்ச முடிக்கவே விடலீங்க."

"அது தப்புங்கம்மா. அன்னைக்குக் கூட்டமுங்க, ஆனாலும் அப்படி வெச்சிருக்கக் கூடாதுங்க. ஜமக்காளத்தை நீங்க எப்படி நனைச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க, இங்க இருக்கறதையும் நனைச்சுப் பாத்துட்டுத்தான் பேசறேனுங்க."

இந்த உரையாடலில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அம்மாவுக்கு வேட்டியைவிட போன் பெரிதாக இருக்கிறது. மதிப்புரையில் அது மூன்றாவது வாக்கியமாக வந்தது, 'ஏமாற்றுக்காரர்கள்' என்ற சொல்லோ அதன் பிறகுதான் வந்தது. எழுத்தில் வந்த வரிசையை வைத்து எது வலித்தது என்று முடிவு செய்ய முடியாது, பேசினால்தான் தெரியும்.

மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதை இந்த அழைப்பிலேயே முடிவு செய்துவிடலாம். ஆனால் "மதிப்புரையை எடுத்துவிட்டால் தருகிறேன்" என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. மதிப்புரையை மாற்றவோ நீக்கவோ பணம், பொருள், தள்ளுபடி எதையும் தருவதைக் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. விதி இல்லாவிட்டாலும் அது தவறான வழிதான். அந்தப் பேரத்தை அவர் அப்படியே மதிப்புரையில் சேர்த்து எழுதிவிட்டால் அதற்கு மேல் உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. குறை சரிசெய்யப்பட வேண்டியதாக இருந்தால் நிபந்தனையின்றிச் சரிசெய்யுங்கள். மதிப்புரையை மாற்றுவது அவர் விருப்பம், அதை நீங்கள் நினைவூட்டவும் வேண்டியதில்லை.

பொதுப் பதிலை எழுதும் முறை

போனில் எல்லாம் சுமுகமாக முடிந்தாலும் பொதுப் பதில் எழுதத்தான் வேண்டும், ஏனெனில் போனில் பேசியது மற்றவர்களுக்குத் தெரியாது. முதலில், எழுதக்கூடாத பதில் ஒன்றைப் பாருங்கள். இந்த வகைப் பதில்களை எல்லா ஊர்களின் கடைப் பக்கங்களிலும் காணலாம்:

"உங்கள் கருத்துக்கு நன்றி. நாங்கள் 40 வருடமாகத் தொழில் செய்கிறோம், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஜமக்காளத்தை எப்படித் துவைப்பது என்றுகூடத் தெரியாமல் எங்கள் மேல் பழி போடுவது சரியல்ல. பொய்யான தகவல் பரப்பினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்."

இதில் எந்தக் கூற்றுக்கும் பதில் இல்லை. 40 வருடக் கணக்கு படிப்பவரின் கேள்விக்குத் தொடர்பற்றது. 'ஏமாற்றுக்காரர்கள்' என்ற சொல்லைக் கடையே மறுபடி எழுதிவிட்டதால் அது இப்போது இரண்டு முறை கண்ணில் படுகிறது. துவைக்கத் தெரியாதவர் என்று வாடிக்கையாளரைச் சொன்னதும், நாளை வாங்கப்போகிறவர் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறார். கடைசி வரி கடையின் மீதான கடைசி நல்லெண்ணத்தையும் எடுத்துவிடுகிறது.

இப்போது அதே கடை எழுதியிருக்க வேண்டிய பதில்:

"எங்களிடம் வாங்கிய ஜமக்காளத்தின் சாயம் உங்கள் வேட்டிகளில் ஏறியதற்கு வருந்துகிறோம். உங்கள் பதிவைப் பார்த்த பிறகு, கடையில் இருந்த அதே சிவப்புப் பட்டை ஜமக்காளம் ஒன்றை நனைத்துப் பார்த்தோம். முதல் இரண்டு அலசலில் சாயம் வந்தது, மூன்றாவது அலசலில் வரவில்லை. முதலில் சில முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்பதை விற்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இனி ஒவ்வொரு ஜமக்காளத்துடனும் துவைக்கும் முறை அச்சிட்ட சீட்டைத் தருகிறோம். ஆடிப்பெருக்கு வாரத்தில் உங்கள் அழைப்பைப் பாதியில் வைத்ததும் எங்கள் தவறு. இந்த ஜமக்காளம் பவானியில் கைத்தறியில் நெய்யப்பட்டது. அதன் மூலையில் கைத்தறி முத்திரைச் சீட்டு உள்ளது, விரும்பினால் நெய்யும் தறியையும் நேரில் காட்டுகிறோம். தயவுசெய்து பில்லுடன் கடை எண்ணில் அழையுங்கள், உரிமையாளராகிய நானே பேசுகிறேன்."

போனில் ஏற்கெனவே பேசித் தீர்த்திருந்தால் கடைசி வாக்கியத்துக்குப் பதிலாக, "நேற்றுப் போனில் பேசியபடி செய்து தருகிறோம்" என்று மட்டும் எழுதினால் போதும். என்ன தருகிறீர்கள், எவ்வளவு தொகை என்பதைப் பொதுவில் எழுத வேண்டாம். எழுதினால் அடுத்து வருபவர்கள் அதையே விலையாகக் கேட்பார்கள். அவருடைய பெயர், எண், ஊர், பில் தொகை எதையும் எழுதக்கூடாது என்பதும் அவ்வளவு முக்கியம். உங்களிடம் வாங்கினால் உங்கள் விவரம் ஒரு நாள் வெளியே வரும் என்று படிப்பவர் நினைக்க ஓர் எண்கூடப் போதும்.

இந்தப் பதிலின் அமைப்பைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். நீளமான பதிலில் தொடக்கம் மட்டும்தான் முதலில் திரையில் தெரியும், மீதியைப் படிக்க அழுத்தித் திறக்க வேண்டும். அதனால் "வணக்கம், உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று அந்த இடத்தை வீணாக்காமல், முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைத் தொட வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டியது முதலில், மறுக்க வேண்டியது பிறகு. வரிசையை மாற்றி மறுப்பில் தொடங்கினால் பின்னால் வரும் வருத்தம் ஒப்புக்குச் சொன்னதாகத் தோன்றும். தன் குறையைச் சோதித்துச் சொன்ன கடை, அதற்கடுத்து 'இது கைத்தறிதான்' என்று சொல்லும்போது அந்த மறுப்புக்கு எடை கூடுகிறது. என் கணிப்பில் இந்தப் பதிலின் மொத்தப் பலமும் "முதல் இரண்டு அலசலில் சாயம் வந்தது" என்ற வாக்கியத்தில்தான் இருக்கிறது. தனக்குப் பாதகமான சோதனை முடிவைத் தானே சொல்பவரைப் பொய்யர் என்று நினைப்பது கடினம்.

அதே காரணத்தால், செய்யாத சோதனையை எழுதக்கூடாது. துவைக்கும் சீட்டை அச்சிடாமல் 'தருகிறோம்' என்று எழுதினால், அடுத்த மாதம் வாங்குபவர் சீட்டு இல்லையே என்று எழுதுவார். அந்த இரண்டாவது மதிப்புரைக்கு நியாயமான பதிலே கிடையாது.

மதிப்புரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் பதில் எழுதுவது நல்லது. பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் படிப்பவர்கள் தானியங்கி மொழிபெயர்ப்பில் படிப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்த பேச்சுத் தமிழ் அதில் சிதைந்துவிடும். தமிழ் எழுத்தில் சிறு, முழு வாக்கியங்களாக எழுதினால் பெரும்பாலும் பொருள் கெடாமல் போய்ச் சேரும். இன்னொன்று, ஒரே பதிலை நகலெடுத்து எல்லா மதிப்புரைகளுக்கும் கீழே ஒட்டாதீர்கள். தனித்தனியாகப் படிக்கும்போது நன்றாக இருக்கும் பதில்கூட, நான்காவது முறை கண்ணில் படும்போது யாருமே மதிப்புரையைப் படிக்கவில்லை என்பதற்குச் சான்றாகிவிடும்.

பதிலுக்குப் பிறகு வருபவை

கடை பதில் எழுதியதும் எழுதியவருக்கு அறிவிப்புப் போகும். அவர் தம் மதிப்புரையைத் திருத்தலாம், நட்சத்திரத்தைக் கூட்டலாம், அல்லது கோபத்தோடு இன்னும் நாலு வரி சேர்க்கலாம். சேர்த்த வரிகளில் புதிய கூற்று இருந்தால் மட்டும் உங்கள் பதிலைத் திருத்தி ஒரு வாக்கியம் சேருங்கள். பழைய கோபமே வேறு சொற்களில் வந்திருந்தால் பதிலைத் தொடாமல் விடுங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக் பக்கத்திலோ இதே புகார் வந்தால் இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமையாக வேண்டும். அங்கே நூறு பேர் ஆளுக்கொன்று கேட்பார்கள். உங்கள் விளக்கத்தை ஒரு முறை முழுமையாகச் சொல்லிவிட்டு, கடை எண்ணைக் கொடுத்துவிட்டு, விலகிக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சானும் பங்காளியும் உங்களுக்காகப் பேசக் கிளம்புவார்கள். மதிப்புரை எழுதியவரை அவர்கள் திட்டுவதும், ஆளுக்கொரு ஐந்து நட்சத்திரம் போடுவதும் அன்பினால்தான், ஆனால் இரண்டையும் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உறவினரும் கடை ஊழியரும் மதிப்புரை எழுதுவது கூகுளின் பார்வையில் விதிமீறல். ஒரே நாளில், ஒரே ஊர்க்காரர்களிடமிருந்து, 'சூப்பர் கடை' என்று வரிசையாக வந்தால் படிப்பவருக்கும் புரிந்துவிடும். விதிமீறல் உறுதியானால் கூகுள் கடைப் பக்கத்துக்குப் புதிய மதிப்புரைகள் வராமல் சில காலம் நிறுத்தி வைக்கலாம், போலி மதிப்புரைகள் நீக்கப்பட்டன என்ற எச்சரிக்கையையும் பக்கத்தில் காட்டலாம்.

உண்மையான வாடிக்கையாளர்களிடம் மதிப்புரை கேட்பது தவறில்லை. பில் போடும்போது எல்லோரிடமும் ஒரே மாதிரி, "எப்படி இருந்ததுன்னு கூகுள்ல எழுதுங்க" என்று சொல்லலாம். மகிழ்ச்சியாகப் போகிறவரைத் தேர்ந்தெடுத்துக் கேட்பதும், முகம் சுளித்தவரைத் தவிர்ப்பதும் விதிக்குப் புறம்பு. எல்லோரிடமும் கேட்டாலே முன்பு கணக்குப் போட்ட அந்த இரண்டு ஐந்து நட்சத்திரங்கள் தாமாக வந்துவிடும்.

மதிப்புரை உண்மையிலேயே போலியாக இருந்தால்

எல்லாம் தவறான புரிதல் என்று சொல்லிவிட முடியாது. கடைக்கு வராதவரும் எழுதுவார், போட்டிக் கடைக்காரரும் எழுதுவார், வேலையிலிருந்து நீக்கப்பட்டவரும் எழுதுவார். இவற்றைக் கூகுளிடம் புகார் செய்யலாம். மதிப்புரையின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, Report review என்பதைத் தேர்ந்து, காரணத்தைக் குறிக்க வேண்டும். எந்தக் காரணம் எடுபடும், எது எடுபடாது என்று தெரிந்து செய்தால்தான் பயன் உண்டு. வசைச் சொற்கள், சாதி மத இழிவு, தனிநபர் விவரங்கள், விளம்பரம், கடைக்குச் சம்பந்தமில்லாத அரசியல் பேச்சு, போட்டியாளரின் சுயநல மதிப்புரை ஆகியவை விதிகளுக்குள் வருகின்றன. "அவர் சொல்வது பொய்" என்பது மட்டும் வராது. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே எது உண்மை என்ற வழக்கில் கூகுள் தலையிடுவதில்லை. நமது எடுத்துக்காட்டிலுள்ள மதிப்புரையைப் புகார் செய்தால் அது பெரும்பாலும் அப்படியே நிற்கும், நிற்பதும் சரிதான்.

முடிவு வரச் சில நாட்கள் ஆகலாம். மறுக்கப்பட்டால் மேல்முறையீடு ஒரு முறைதான். அதனால் பில் புத்தகத்தில் அந்த நாளில் அப்படி ஒரு விற்பனை இல்லை என்பதற்கோ, எழுதியவர் முன்னாள் ஊழியர் என்பதற்கோ ஆதாரத்தைத் திரட்டிய பிறகே மேல்முறையீடு செய்யுங்கள். பத்து நண்பர்களைக் கொண்டு ஒரே மதிப்புரையைப் புகார் செய்வதால் முடிவு மாறுவதில்லை.

காத்திருக்கும் காலத்திலும் கீழே ஒரு பதில் வேண்டும். "நீங்கள் போலி ஆள்" என்று எழுதாதீர்கள். ஒருவேளை அவர் வேறு பெயரில் பில் போட்ட உண்மையான வாடிக்கையாளராக இருந்தால் உங்களால் அதைத் திரும்பப் பெற முடியாது. "நீங்கள் குறிப்பிடும் நாளில் இந்த விற்பனை எங்கள் பில் புத்தகத்தில் காணப்படவில்லை. வேறு பெயரில் வாங்கியிருந்தால் பில் எண்ணைச் சொல்லுங்கள், உடனே பார்க்கிறோம்" என்பது போதும். பில் எண் வரவே இல்லை என்பதைப் படிப்பவர் தாமே பார்த்துக்கொள்வார்.

இதற்கெல்லாம் அப்பாற்பட்டது மிரட்டிப் பணம் கேட்பது. திடீரென ஒற்றை நட்சத்திரங்கள் பல வந்து, "பணம் அனுப்பினால் நீக்குகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், பணமும் அனுப்பக்கூடாது, பேச்சும் கொடுக்கக்கூடாது. செய்திகளையும் எண்களையும் திரைப்பிடிப்பாகச் சேமித்து, கூகுளிடமும் cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுங்கள். அவதூறுக்குப் பாரதிய நியாய சன்ஹிதையின் 356ஆவது பிரிவு இருக்கிறது. குடும்பத்தினரின் படத்தைப் போட்டு இழிவுபடுத்துவது போன்றவற்றுக்கு வழக்கறிஞரைப் பார்ப்பது நியாயம். ஆனால் அந்தப் பிரிவைப் பொதுப் பதிலில் எழுதிக் காட்டாதீர்கள். வழக்குத் தொடர்வதாக இருந்தால் வழக்கறிஞர் வழியாகச் செய்யுங்கள், தொடராவிட்டால் அதைச் சொல்லவே தேவையில்லை.

பதிலைப் பிறகு மீண்டும் பாருங்கள்

ஒன்றிரண்டு மாதம் கழித்து உங்கள் பதிலைத் திறந்து படித்துப் பாருங்கள். ஜமக்காளத்தோடு துவைக்கும் சீட்டு இன்னும் போகிறதா, கொடுத்த எண் மாறிவிட்டதா, புதிதாக வந்த பையனுக்குக் கூட்ட நேரத்தில் வரும் அழைப்பை எப்படி எடுப்பது என்று சொல்லியாயிற்றா என்று சரிபாருங்கள். கூட்ட நேரத்துக்கு ஒரு வழி சொல்லிக் கொடுப்பது எளிது: எண்ணையும் பொருளையும் மட்டும் குறித்துக்கொண்டு, "ஆறு மணிக்கு மேல அண்ணனே கூப்பிடுவாருங்க" என்று சொல்லி, அந்தத் தாளைக் கல்லாவில் வைத்துவிட வேண்டும். அந்த அம்மா தம் மதிப்புரையை நான்கு நட்சத்திரமாக மாற்றிப் புகாரையும் எடுத்துவிட்டிருந்தால், கீழே நிற்கும் உங்கள் பழைய பதில் இல்லாத புகாருக்கு மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கும். அதைத் திருத்தி, அவர் இப்போது எழுதியிருப்பதற்குப் பொருந்த இரண்டு வரியாக மாற்றிவிடுங்கள். துவைக்கும் முறையைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் நீக்க வேண்டாம், அடுத்து வாங்குபவருக்கு அது தேவைப்படும்.